காலை பிரேயரில் டைப்பிங் பற்றி அஞ்சு நிமிஷம் என்ன பேசலாம்?

"அந்தியூர் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கறேனுங்க. அடுத்த வாரம் காலை பிரேயர்ல அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. சின்ன வயசுலயே டைப்பிங்கை முறையா கத்துக்கிட்டா என்ன பலன்னு ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றதுங்க?"

வணக்கம் டீச்சர். கோபியில் இருபது வருஷத்துக்கு மேலாக டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வேகத்தைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். நிமிஷத்துக்கு இத்தனை சொல் அடிக்கலாம், டைப்பிஸ்ட் வேலைக்குப் போகலாம் என்று தொடங்கினால் ஆறாவது பிள்ளைக்கு அது யாரோ பெரியவர்கள் சங்கதி. பத்தாவது பையன் "நான் ரெண்டு விரல்லயே வேகமாத்தான அடிக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு நிற்பான்.

அவன் நினைப்பதும் பொய் இல்லை. பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முறையாகப் பத்து விரலில் கற்றவர்களையும் தாமாகவே சில விரல்களில் பழகிக்கொண்டவர்களையும் கேமரா வைத்துக் கவனித்தார்கள். தாமாகப் பழகியவர்களில் சிலர் வேகத்தில் மற்றவர்களுக்குச் சளைக்கவே இல்லை. வித்தியாசம் தெரிந்த இடம் கண். முறையாகக் கற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். மற்றவர்கள் அவர்களைவிட அதிக நேரம் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தார்கள்.

அதனால் அஞ்சு நிமிஷத்தையும் கண்ணுக்கே கொடுங்கள். முறையாகக் கற்றவனுக்கு விரல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், கண் வேறு வேலைக்குப் போகலாம். இதை மட்டும் பிள்ளைகள் மனதில் பதிய வைத்தால் போதும்.

எனக்கு இது ஒருவரைப் பார்த்துத்தான் தெளிவாகப் புரிந்தது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கும் அண்ணன், முப்பத்தாறு வயசு. பதினைந்து வருஷமாகத் தினமும் பில் ஏற்றுகிறவர். மேஜையில் இடது பக்கம் பில் கட்டு, எதிரே திரை, நடுவே விசைப்பலகை. அவர் ஒரு பில் ஏற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பில்லைப் பார்ப்பார், ஊர்ப்பெயரில் பாதியை மனதில் வாங்குவார், குனிந்து அடிப்பார், நிமிர்ந்து திரையைப் பார்ப்பார், மறுபடி பில்லுக்குப் போவார், விட்ட இடத்தைத் தேடுவார். ஒரே ஒரு பெயருக்கு நாலு தடவை கண் ஊர்வலம் போனது. ஒரு தடவை முழுப்பெயரையும் அடித்துவிட்டு நிமிர்ந்தால், பெயர் முழுக்க அளவு போட வேண்டிய கட்டத்தில் விழுந்திருந்தது. அடிக்கும்போது திரையைப் பார்த்திருந்தால் முதல் எழுத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆனால் அதே மனிதர் மீட்டர் கணக்கும் ரேட்டும் அடிக்கும்போது குனியவே இல்லை. வலது ஓரத்து எண்கட்டத்தில் கை போய் உட்கார்ந்தது, கண் பில்லை விட்டு நகரவில்லை, மளமளவென்று ஏறியது. அங்கே 5 என்ற விசையில் சின்னதாக ஒரு மேடு இருக்கும். நடுவிரல் அதைத் தடவி இடம் பிடித்துக்கொள்கிறது. அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வருஷக்கணக்கில் எண் அடித்து அடித்து வந்துவிட்டது. "எண்ணுக்குக் குனியாத நீங்க எழுத்துக்கு மட்டும் ஏனுங்கண்ணா குனியறீங்க?" என்று கேட்டேன். அதே மாதிரி மேடு F விசையிலும் J விசையிலும் இருப்பதை அன்றைக்குத்தான் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அவர் கற்றுக்கொள்ள வந்தார். "சின்ன வயசுலயே" ஏன் என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரெண்டு விரலில் அவருக்கு நிமிஷத்துக்கு இருபத்தைந்து சொல் வரும். முறையான விரல் வைப்புக்கு மாறிய முதல் வாரம் அது ஏழு எட்டுக்கு இறங்கிவிட்டது. எல்லாருக்கும் அப்படித்தான் இறங்கும். பழைய பழக்கத்தை விட்டாயிற்று, புதுசு இன்னும் கைக்கு வரவில்லை. அந்தப் பள்ளத்தில் சில வாரம் நடந்துதான் மறுகரை ஏற முடியும். ஆனால் மாசம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கை ஏற்றியாக வேண்டும். பதினெட்டாம் தேதி கட்டுக்கட்டாகப் பில் கிடக்கும்போது நிமிஷத்துக்கு ஏழு சொல் என்று யார் உட்கார்ந்திருப்பார்கள்? பழைய ரெண்டு விரலுக்கே போய்விட்டார். அடுத்த மாசமும் அப்படியே. மூன்றாம் தடவைதான் நின்று பிடித்தார். சரளமாகக் கை வர அஞ்சு மாசம் ஆனது.

அவர் மகள் அப்போது ஆறாவது. அப்பாவோடு சேர்ந்து வந்து பக்கத்து மெஷினில் உட்கார்ந்தது. தினம் அரைமணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள். அந்தப் பிள்ளைக்கு இழப்பதற்கு வேகமே இல்லை. இறங்க வேண்டிய பள்ளமும் இல்லை, முடிக்க வேண்டிய பில்லும் இல்லை. ரெண்டரை மாசத்தில் கீழே பார்க்காமல் சின்னச் சின்ன வாக்கியம் அடித்தது. அப்பாவைவிட அது புத்திசாலி என்று நான் சொல்ல மாட்டேன். அவிழ்க்க வேண்டிய முடிச்சு அதன் கையில் விழவே இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பழைய கதையும் பேச்சுக்கு உதவும். அமெரிக்காவில் சின்சினாட்டி ஊரில் 1888 ஜூலை 25 அன்று ஒரு டைப்பிங் போட்டி நடந்தது. ஒரு பக்கம் ஃபிராங்க் மக்குரின் என்ற கோர்ட் சுருக்கெழுத்தாளர், விசைகளைப் பார்க்காமல் அடிப்பவர். மறு பக்கம் லூயிஸ் டிராப், பார்த்து அடிப்பவர். போட்டியில் ரெண்டு பகுதி: ஒன்று ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டு அடிப்பது, மற்றது தாளைப் பார்த்து அடிப்பது. ரெண்டிலும் மக்குரின்தான் ஜெயித்தார். காதால் கேட்பதிலிருந்து தாளைப் பார்ப்பதற்கு மாறியபோது மக்குரினின் வேகம் கொஞ்சம் கூடியது, டிராபின் வேகம் குறைந்தது. கேட்டு அடிக்கும்போது டிராபின் கண் சும்மாதான் இருந்தது, விசையைப் பார்த்துக்கொள்ளலாம். தாள் வந்ததும் ஒரே கண் ரெண்டு இடத்துக்கு அல்லாட வேண்டியதாயிற்று. ஈரோட்டு அண்ணனின் பில் கட்டும் அதேதான்.

கீழே பேச்சை எழுதியிருக்கிறேன். நிதானமாகப் பேசினால் நாலு நிமிஷம் வரும். நடுவில் பிள்ளைகள் கையைத் தூக்கிச் செய்ய ஒரு நிமிஷம் விட்டிருக்கிறேன். உங்கள் பேச்சுவாக்குக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். கண்ணுகளா, நேத்து ராத்திரி சோறு சாப்பிட்டீங்களா? சாப்பிடும்போது கை எங்க போகுதுன்னு குனிஞ்சு பார்த்து, அப்புறம் வாய் எங்க இருக்குதுன்னு தேடி, அப்புறம் வச்சீங்களா? இல்லை. அம்மாகிட்டப் பேசிக்கிட்டே சாப்பிட்டீங்க. கை தானாப் போச்சு. ஆனா நம்ம வீட்டுக் கைக்குழந்தை அப்படியா சாப்பிடுது? கையையும் சோத்தையும் மாத்தி மாத்திப் பார்த்து, பாதி மூக்குல பாதி கன்னத்துலன்னு அப்பிக்குது. நாமளும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தோம்.

நம்ம லேப்ல வந்து உட்கார்ந்தா நம்ம எல்லாரும் அந்தக் குழந்தை மாதிரிதான். ஒரு எழுத்துக்குக் குனியறோம், நிமிர்றோம், மறுபடி குனியறோம். என்ன எழுதணும்னு நினைச்சோமோ அது நடுவுல நழுவிப் போயிடுது.

இன்னிக்கு ஒரு சொல் அடிப்போம். கம்ப்யூட்டர் வேண்டாம். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால நீட்டுங்க. மேஜை மேல வச்ச மாதிரி விரலை லேசா மடக்குங்க. கண்ணை மூடிக்குங்க.

இப்ப வலது கை. மோதிர விரலைத் தட்டுங்க: த. நடுவிரல்: ம. ஆள்காட்டி விரல்: ப. இப்ப இடது கை மோதிர விரல்: இ. இன்னொரு தடவை. த, ம, ப, இ. இன்னும் ஒரு தடவை, நான் சொல்ல மாட்டேன், நீங்களே தட்டுங்க.

கண்ணைத் திறங்க. நீங்க இப்ப அடிச்சது 'தம்பி'ங்கற சொல். தமிழ்99 விசைப்பலகையில அந்த நாலு விரலுக்குக் கீழதான் அந்த நாலு எழுத்தும் இருக்குது. விரலை நகர்த்தவே வேண்டாம். 'ம' மேல புள்ளி யார் வச்சதுன்னு கேப்பீங்க. 'ம'வுக்கு அடுத்து 'ப' வந்தா அதுவே புள்ளி வச்சுக்கும். கண்ணை மூடிக்கிட்டு நம்ம பள்ளிக்கூடமே ஒரு சொல் அடிச்சிருச்சு.

ரெண்டு விரல்ல அடிச்சாலும் வேகம் வரும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு விரல் பழகிட்டா, அப்புறம் முறைக்கு மாறும்போது இருக்கிற வேகமும் கொஞ்ச நாளைக்குப் போயிடும். வேலைக்குப் போனவங்களால அந்தக் கொஞ்ச நாளைக் கொடுக்க முடியறதில்லை. உங்ககிட்ட அந்த நாள் இருக்குது. உங்களுக்கு இழக்கறதுக்கு எந்த வேகமும் இல்லை. அதனாலதான் இப்பவே.

திங்கக்கிழமையில இருந்து லேப்ல முதல் பதினஞ்சு நிமிஷம் இதுதான். யாரு வேகமா அடிக்கிறாங்கன்னு நான் பார்க்க மாட்டேன். யாரு எத்தனை தடவை குனியறாங்கன்னு மட்டும்தான் எண்ணுவேன்."

பேச்சு இதோடு முடியலாம். ஆனால் திங்கக்கிழமை லேபுக்கு ஆர்வமாக ஓடிவரும் பிள்ளைகளை முதல் மூன்று வாரம் எப்படி உட்கார வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சரியாக அமையாவிட்டால் மேடையில் பேசியது நிற்காது.

முதலில், லேப் மெஷினில் தமிழ்99 இருக்கிறதா என்று பாருங்கள். புதிய விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்த பிறகு விசைப்பலகைப் பட்டியலில் Tamil 99 என்ற பெயர் தெரியும். இல்லையென்றால் ஆங்கிலத்திலேயே தொடங்குங்கள், முறை ஒன்றுதான். எங்கள் இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்றால் எல்லாத் தலைமுறையும் அடித்த முதல் பாடம் காதில் விழும்:

```
asdfgf ;lkjhj
```

இடது கை சுண்டு விரலில் தொடங்கி ஆள்காட்டி விரல் g வரை எட்டிப் போய் f-க்குத் திரும்புகிறது. வலது கையும் அப்படியே சுண்டு விரலில் தொடங்கி h வரை போய் j-க்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பி வருவதுதான் பாடமே. எந்த எழுத்துக்குப் போனாலும் விரல் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்லாதீர்கள், பத்து வரி போதும். ஆனால் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். கடகடவென்று நாலு தட்டி ஒரு நிறுத்தம், மறுபடி கடகட என்று வந்தால் பிள்ளை குனிந்து தேடுகிறது. மெதுவாக இருந்தாலும் ஒரே தாளத்தில் வந்தால் விரல் சரியாகப் போகிறது.

"பார்க்காதே" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது, கேட்கவும் முடியாது. கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். மெஷின் குறைவாக இருந்தால் அதுவும் நல்லதுதான். ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர் உட்காரட்டும். ஒருவர் அடிக்கட்டும், துண்டு இல்லாத சுற்றில் மற்றவர் பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு அவர் குனியும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடட்டும். ஒரு வரிக்கு எத்தனை கோடு என்பதுதான் மதிப்பெண். வேகம் காட்டும் டைப்பிங் விளையாட்டுகளை முதல் மாசம் திறக்க விடாதீர்கள். நேரம் ஓடுவதைப் பார்த்தால் பிள்ளை ஜெயிக்க ரெண்டு விரலுக்குத் தாவிவிடும்.

சுண்டு விரலில் ஒரு கண் வையுங்கள். அதற்குப் பலம் குறைவு. a அடிக்க வேண்டிய இடத்தில் மோதிர விரல் வந்து உதவி செய்யும், அப்போது மொத்தக் கையும் ஒரு விசை நகர்ந்துவிடும். பெரிய எழுத்துக்கு Caps Lock-ஐப் போட்டு, எழுத்தை அடித்து, மறுபடி Caps Lock-ஐ எடுக்கும் பிள்ளைகளையும் பார்ப்பீர்கள். இடது கை எழுத்துக்கு வலது Shift, வலது கை எழுத்துக்கு இடது Shift என்று முதல் வாரமே காட்டிவிட்டால் அந்தப் பழக்கம் வராது.

மேஜை உயரத்தையும் பாருங்கள். நம் லேப் மேஜைகள் பெரியவர்களுக்குச் செய்தவை. ஆறாவது பிள்ளை உட்கார்ந்தால் முழங்கை மேஜைக்குக் கீழே தொங்கும், மணிக்கட்டு மேலே மடங்கும், கால் அந்தரத்தில் ஆடும். ஒரு தலையணையைப் போட்டு உட்கார வைத்து, காலுக்கு ஒரு பலகையை வையுங்கள். மூன்றாவது நாலாவது படிக்கும் தம்பி தங்கைகளையும் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் அவசரப்பட வேண்டாம். கை சின்னதாக இருந்தால் சுண்டு விரலும் ஆள்காட்டி விரலும் ஒருசேர வீட்டில் உட்காராது, தவறான விரல்தான் பழகும். ஆறாவதுக்கு அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

பிள்ளைகள் ரெண்டு எதிர்க்கேள்வி கேட்பார்கள். போனில் ரெண்டு கட்டைவிரலில் வேகமாக அடிக்கிறேனே என்பார்கள். அது வேறு பழக்கம், கண்ணாடியில் மேடு கிடையாது, கண் இல்லாமல் கட்டைவிரலுக்கு வழி தெரியாது. பேசினாலே போன் எழுதிவிடுகிறதே என்பார்கள். ஒரு பத்தியைப் பேசி எழுதவைத்து, அதில் ரெண்டாம் வரியில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லுங்கள். கை எங்கே போகிறது என்று அவர்களே பார்ப்பார்கள்.

மூன்றாம் வாரம் வாக்கில் ஒரு பிள்ளை, துண்டுக்குக் கீழே நம்பிக்கையாக அடித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்த்து முகம் வாடும். the என்று அடிக்க வேண்டிய இடத்தில் yjr என்று இருக்கும். திட்டாதீர்கள், சந்தோஷப்படுங்கள். t-க்கு வலப்பக்கம் y, h-க்கு வலப்பக்கம் j, e-க்கு வலப்பக்கம் r. ஒவ்வொரு விரலும் போக வேண்டிய தூரம் சரியாகத்தான் போயிருக்கிறது, ரெண்டு கையும் ஒரு விசை தள்ளி உட்கார்ந்துவிட்டது, அவ்வளவே. குனிந்து தேடும் பிள்ளைக்கு இந்தப் பிழை வரவே வராது. கையை எடுத்து F, J மேடுகளைத் தடவிப் பார்த்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வரி சரியாக வரும்.